ஹால் டிக்கெட்டுக்கு முன் வருகைப் பதிவேடு: மொரீஷியஸிலிருந்து தமிழ்நாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு

ரோஸ் ஹில், குவாத்ர் போர்ன், போர்ட் லூயிஸ் பக்கத்துப் பிள்ளைகள் இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர். உதவித்தொகையிலோ சொந்தச் செலவிலோ சென்னைக்குப் படிக்கப் போகும்போது விசா, விடுதி, வங்கிக் கணக்கு என்று எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டு போகிறார்கள். வருகைச் சதவீதத்தைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. செமஸ்டர் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது அறிவிப்புப் பலகையில் வருகை குறைந்தவர்களின் பட்டியல் ஒட்டப்படும். அதில் தன் பெயர் இருப்பதைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு போன் வரும். நான் இங்கே குடிவருவதற்கு முன் சென்னைக் கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் அந்தப் பட்டியல்களைத் தயாரிக்கும் வேலையில் இருந்தேன். அந்தப் பட்டியல் எப்படி உருவாகிறது, எந்த இடத்தில் தவறு நுழைகிறது, அதை ஒரு மாணவர் தானே எப்படிச் சரிபார்ப்பது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் விதிப் புத்தகம்

கல்லூரியில் சேரும் அன்று ஒரு கையேடு தருவார்கள். பலர் அதைக் கல்லூரிக் காலண்டர் என்பார்கள். வருகை பற்றிய பத்தி அதில் இருக்கும். அதைப் படிக்காமல் எந்தக் கணக்கும் போடாதீர்கள், ஏனென்றால் வரம்புகள் எல்லா இடத்திலும் ஒன்று அல்ல.

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் பரவலாக இருப்பது நான்கு படி. 75 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் தடையில்லாமல் தேர்வு எழுதலாம். 65 முதல் 75-க்குள் இருந்தால் காண்டனேஷன்: காரணத்தோடு விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, முதல்வர் ஒப்புதல் பெற்று அதே செமஸ்டர் தேர்வை எழுதலாம். 50 முதல் 65-க்குள் இருந்தால் இந்த முறை எழுத முடியாது, அடுத்த தேர்வு நடக்கும்போது சேர்த்து எழுத வேண்டும். 50-க்கும் கீழே போனால் அந்தச் செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். மாணவர்கள் இதை ‘ரீடூ’ என்பார்கள்.

பொறியியல் படிக்கப் போகிறவர்கள் இந்த நான்கு படியை நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013, 2017 ஒழுங்குமுறைகளில் 75-க்குக் கீழே 65 வரைதான் சலுகை. அதுவும் மருத்துவக் காரணம், விளையாட்டுப் போட்டி போன்றவற்றுக்குச் சான்றிதழ் காட்டினால்தான். 65-க்குக் கீழே போனால் தேர்வும் இல்லை, அடுத்த செமஸ்டருக்கு நகர்வதும் இல்லை. கலைக் கல்லூரியில் படிக்கும் அண்ணன் ‘60 இருந்தா அடுத்த தடவை எழுதிக்கலாம்டா’ என்று சொன்னதைக் கேட்டு, பொறியியல் கல்லூரியில் படிக்கும் தம்பி நிம்மதியாக இருந்துவிட முடியாது. தன்னாட்சிக் கல்லூரிகள் தங்களுக்கென்று தனி விதியும் வைத்திருக்கும். எனவே நீங்கள் சேர்ந்த ஆண்டின் ஒழுங்குமுறை எது என்று கேட்டு, அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவேடு எப்படி நிரம்புகிறது

இரண்டு விதமான கணக்கு உண்டு. சில கல்லூரிகளில் மணிக்கணக்கு: ஒவ்வொரு பாட வேளைக்கும் தனித்தனியாக வருகை போடுவார்கள். ஒரு வேளை தவறினால் ஒரு வேளைதான் போகும். சில கல்லூரிகளில் நாள் கணக்கு: நாளை முற்பகல், பிற்பகல் என்று இரண்டு அரைநாளாகப் பிரித்திருப்பார்கள். இதில்தான் புதியவர்கள் அடிபடுகிறார்கள். முற்பகலில் மூன்று வேளை இருந்து, அதில் ஒன்றில் மட்டும் நீங்கள் இல்லை என்றாலும், பல கல்லூரிகளில் அந்த அரைநாள் முழுவதும் போய்விடும். ‘ஒரு மணி நேரம்தானே வெளியே போனேன்’ என்பது உங்கள் கணக்கு. பதிவேட்டில் அது அரைநாள்.

கையால் எழுதும் பதிவேட்டில் ஒரு நாளுக்கு ஒரு கட்டம் இருக்கும். முற்பகலுக்கு ஒரு சாய்கோடு, பிற்பகலுக்கு அதை வெட்டிப் போகும் இன்னொரு சாய்கோடு. இரண்டும் சேர்ந்து பெருக்கல் குறி போலத் தெரிந்தால் முழு நாள் வருகை. ஒரு கோடு மட்டும் இருந்தால் அரைநாள். வராத நாளுக்கு எழுத்துக் குறி போடுவார்கள். கல்லூரி சார்பாக வெளியே போன நாளுக்கு, அதாவது ஓ.டி. நாளுக்கு, சிவப்பு மையிலோ தனிக் குறியிலோ எழுதுவார்கள். மாதக் கடைசியில் வலப்பக்கம் மூன்று எண்கள் வரும்: முந்தைய மாதம் வரையிலான கொண்டுவரவு, இந்த மாதம் வந்த நாள், இரண்டையும் கூட்டிய மொத்தம். இந்த மூன்று எண்கள்தான் பிறகு கணினிக்குப் போகின்றன. தவறு பெரும்பாலும் கட்டங்களில் இருக்காது, இந்த மூன்று எண்களில்தான் இருக்கும். முப்பது கட்டத்தை ஒரு ஆசிரியர் ஒவ்வொரு நாளும் கவனமாகப் போடுவார். மாதக் கடைசியில் அறுபது மாணவருக்குக் கூட்டல் போடும்போது ஒரு 8 ஒரு 6 ஆகிவிடும். அடுத்த மாதம் யாரும் பழைய கட்டங்களைத் திரும்ப எண்ணுவதில்லை. கொண்டுவரவை அப்படியே எழுதிக்கொண்டு போவார்கள். டிசம்பரில் விழுந்த தவறு ஏப்ரல் வரை உயிரோடு இருக்கும்.

பதிவேடு வகுப்புப் பொறுப்பாசிரியரிடம் இருக்கும். நேரில் போய், “சார், என் வருகையைச் சரிபார்த்துக்கிறேன், அஞ்சு நிமிஷம் பார்க்கலாமா?” என்று கேளுங்கள். செமஸ்டர் நடுவில் கேட்டால் பெரும்பாலும் காட்டுவார்கள். பட்டியல் ஒட்டிய மறுநாள் நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது கேட்டால் அவருக்கும் பொறுமை இருக்காது.

எத்தனை நாளில் எத்தனை நாள்

சதவீதம் என்பது வந்த நாளை வேலை நாளால் வகுத்து நூறால் பெருக்குவது. வந்த நாளைப் பற்றி எல்லாரும் சண்டை போடுவார்கள், வகுக்கும் எண்ணை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

கலைக் கல்லூரிகளில் ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்பது வழக்கம். 90-ல் 75 சதவீதம் 67.5 நாள். 65 சதவீதம் 58.5 நாள். 50 சதவீதம் 45 நாள். இந்த மூன்று எண்களையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 90-லிருந்து 67.5 போனால் மிச்சம் 22.5. ஒரு செமஸ்டரில் காய்ச்சல், ஊர்ப் பயணம், தூங்கிப்போன காலை எல்லாவற்றுக்கும் சேர்த்து உங்களிடம் இருப்பது அவ்வளவுதான்.

90 என்று காலண்டரில் அச்சிட்டிருந்தாலும் உண்மையில் எத்தனை நாள் நடந்தது என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். நவம்பர், டிசம்பரில் சென்னையில் கனமழை பெய்தால் மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவிப்பார். அந்த நாளைப் பிறகு ஒரு சனிக்கிழமை வைத்து ஈடுகட்டுவார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதிகமாக நாள் போவது இந்தச் சனிக்கிழமைகளில்தான். சனிக்கிழமை விடுமுறை என்று நினைத்து மகாபலிபுரம் போயிருப்பார்கள், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இரவு வந்த அறிவிப்பைப் பார்த்திருக்க மாட்டார்கள். டே ஆர்டர் முறை உள்ள கல்லூரிகளில் இது இன்னும் சுலபமாகத் தவறும். அங்கே திங்கள், செவ்வாய் என்று கால அட்டவணை ஓடாது. முதல் நாள், இரண்டாம் நாள் என்று ஆறாம் நாள் வரை சுற்றிக்கொண்டே இருக்கும். இன்று எந்த டே ஆர்டர் என்று தெரியாதவருக்கு நாளை வகுப்பு உண்டா என்பதும் பாதி தெரியாது.

தாமதமாகச் சேர்ந்தவர்கள்

மொரீஷியஸ் மாணவருக்கென்றே உள்ள சிக்கல் இது. உதவித்தொகை உறுதியாகி, விசா கிடைத்து, பயணச்சீட்டு எடுத்துப் போய்ச் சேர்வதற்குள் அங்கே வகுப்பு தொடங்கி வாரக்கணக்கில் ஆகியிருக்கும். கேள்வி ஒன்றுதான்: உங்கள் வேலை நாள் செமஸ்டரின் முதல் நாளிலிருந்தா, நீங்கள் சேர்ந்த நாளிலிருந்தா?

ஒரு மாணவர் 21 வேலை நாள் கழித்துச் சேர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 69 நாள். அதில் 60 நாள் ஒழுங்காக வந்துவிட்டார். சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 60-ஐ 69-ஆல் வகுக்க 86.96 சதவீதம். எந்தப் பிரச்சினையும் இல்லை. முதல் நாளிலிருந்து எண்ணினால் 60-ஐ 90-ஆல் வகுக்க 66.67 சதவீதம். காண்டனேஷன் பட்டியலில் பெயர் வந்துவிடும், இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் தேர்வே போயிருக்கும். அதே பிள்ளை, அதே வருகை.

எந்த முறை என்பதைக் கல்லூரிதான் முடிவு செய்கிறது. சேரும் நாளிலேயே எழுத்தில் கேளுங்கள். ஒரு பக்கக் கடிதம் போதும்: பெயர், வகுப்பு, சேர்ந்த தேதி, சேர்க்கை தாமதமானதன் காரணம், ‘என் வருகையைச் சேர்ந்த நாளிலிருந்து கணக்கிட வேண்டுகிறேன்’ என்ற வரி. முதல்வர் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். விசாவும் விமானச் சீட்டும் அதோடு நகலாகப் போகட்டும். வாய்மொழியாக ஒருவர் ‘அதெல்லாம் பார்த்துக்கலாம்’ என்று சொன்னதை நான்கு மாதம் கழித்துக் காட்ட முடியாது. அந்த முத்திரை வைத்த நகலை எத்தனையோ மாணவர்கள் விடுதி அறையில் தொலைத்துவிட்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதைப் படம் எடுத்து அம்மாவுக்கும் அனுப்பி வையுங்கள்.

இந்தியா போய் 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவையும் முடிக்க வேண்டும். அதற்காக அலுவலகம் போக நேர்ந்தாலும் அது தானாக ஓ.டி. ஆகாது. முன்கூட்டியே கடிதம் கொடுத்திருந்தால் சில கல்லூரிகள் கொடுக்கும்.

ஓ.டி. வேறு, மருத்துவ விடுப்பு வேறு

இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் மிக அதிகம். கல்லூரியின் சார்பாக விளையாட்டு, கலைப் போட்டி, என்.எஸ்.எஸ். முகாம் போன்றவற்றுக்குப் போனால் அது ஓ.டி. அந்த நாள் வந்த நாளாகவே எண்ணப்படும். சதவீதம் கூடும்.

மருத்துவச் சான்றிதழ் சதவீதத்தைக் கூட்டாது. காய்ச்சலில் படுத்திருந்த மூன்று நாள் பதிவேட்டில் வராத நாளாகவேதான் இருக்கும். 65-க்கும் 75-க்கும் நடுவில் நிற்கும்போது காண்டனேஷன் கேட்பதற்கான காரணத்தைத்தான் சான்றிதழ் தருகிறது. ‘நான் சான்றிதழ் கொடுத்திருக்கேனே, எப்படி 73 வந்துச்சு?’ என்று கேட்டு வருபவர்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். காண்டனேஷன் கிடைத்த பிறகும் உங்கள் சதவீதம் 73-ஆகத்தான் இருக்கும், தேர்வு எழுத அனுமதி மட்டும் கிடைக்கும்.

ஊருக்கு வந்த இடத்தில் நோய்ப்பட்டால் இங்கேயே மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை ஓய்வு தேவைப்பட்டது என்பது அதில் இருக்க வேண்டும். பிரெஞ்சில் எழுதித் தந்தால் ஆங்கிலத்தில் ஒன்று கேளுங்கள். அங்கே அலுவலகத்தில் பிரெஞ்சு படிக்க ஆள் இருக்க மாட்டார்கள். பிறகு இங்கிருந்து வாங்கி அனுப்புவதற்குள் கடைசித் தேதி முடிந்திருக்கும்.

ஒரு கணக்கை முழுதாகப் பார்ப்போம்

குவாத்ர் போர்னிலிருந்து போய் சென்னைக் கலைக் கல்லூரி ஒன்றில் படிக்கும் ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் செமஸ்டர், டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. நாள் கணக்கு முறை. தைப்பூசம் ஜனவரி இறுதியில் வருகிறது. கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் விரதம் இருந்து இங்கே வீட்டாரோடு காவடி எடுக்க வேண்டும் என்பது அவளுடைய வேண்டுதல். தைப்பூசத்தன்று தமிழ்நாட்டிலும் 2021 முதல் அரசு விடுமுறை, அந்த ஒரு நாளில் நஷ்டம் இல்லை. நஷ்டம் அதற்கு முன்னும் பின்னும் உள்ள நாட்களில்தான். ஜனவரி, பிப்ரவரி இங்கே புயல் காலம் வேறு. 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலில் போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் ஓடியது நினைவிருக்கும், காவடிக்குப் பத்து நாள் முன்பு. இந்த மாணவிக்குத் திரும்பும் விமானம் புயலால் இரண்டு நாள் தள்ளிப்போனது என்று வைத்துக்கொள்வோம்.

அவளுடைய மாதக் கணக்கு இது. வேலை நாள் முதலில், வந்த நாள் அடுத்து.

டிசம்பர்: 12, 11.5
ஜனவரி: 20, 8.5
பிப்ரவரி: 23, 18
மார்ச்: 24, 20
ஏப்ரல்: 11, 8.5

வேலை நாள் மொத்தம் 90. ஏப்ரலில் ஒட்டிய பட்டியலில் அவளுக்கு நேராக 64.5 நாள், 71.67 சதவீதம் என்று இருக்கிறது. காண்டனேஷன் வரம்புக்குள் நிற்கிறாள்.

இப்போது பதிவேட்டை வாங்கிக் கூட்டுகிறோம். முதலில் வராத அரைநாட்களை எண்ணுங்கள், வந்த நாட்களை அல்ல. வராதவை குறைவாக இருப்பதால் எண்ணும்போது தவறு குறையும். டிசம்பரில் அரைநாள், ஜனவரியில் பதினொன்றரை, பிப்ரவரியில் ஐந்து, மார்ச்சில் நான்கு, ஏப்ரலில் இரண்டரை. மொத்தம் 23.5. 90-லிருந்து கழித்தால் 66.5 வர வேண்டும். பட்டியலில் 64.5. இரண்டு நாள் எங்கேயோ விழுந்திருக்கிறது.

எங்கே என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு மாதத்தின் கொண்டுவரவையும் முந்தைய மாதத்தின் மொத்தத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே போக வேண்டும். டிசம்பர் மொத்தம் 11.5, சரி. ஜனவரியில் வந்த நாள் 8.5 என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார். மேல் வளையம் சரியாக மூடாததால் கணினியில் ஏற்றியவர் அதை 6.5 என்று படித்துவிட்டார். 20 வர வேண்டிய இடத்தில் 18. அங்கிருந்து எல்லா மொத்தமும் இரண்டு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. இதைத் திருத்தினால் 66.5, சதவீதம் 73.89. இன்னும் 75-க்குக் கீழேதான்.

அடுத்து ஓ.டி. மார்ச்சில் வராத நான்கு நாளில் இரண்டு நாள் அவள் கல்லூரிகளுக்கு இடையிலான நாடகப் போட்டிக்குப் போயிருக்கிறாள். துறைத் தலைவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமும், போட்டி நடத்திய கல்லூரி கொடுத்த பங்கேற்புச் சான்றும் கையில் இருக்கின்றன. ஆனால் கடிதம் துறை அலுவலகத்திலேயே தங்கிவிட்டது, பதிவேட்டுக்கு வரவில்லை. இரண்டு நாள் சேர்ந்து 68.5.

இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம் என்று தோன்றும். நிறுத்தாதீர்கள். பதிவேட்டின் ஓரத்தில் அவள் பெயருக்கு நேரே ஐந்து தாமதக் குறிகள் இருக்கின்றன. இந்தக் கல்லூரியின் விதியில் மூன்று தாமதம் ஒரு அரைநாள். அது இன்னும் கழிக்கப்படவில்லை. அரைநாள் போனால் 68. சதவீதம் 75.56. தப்பித்துவிட்டாள், காண்டனேஷன் தேவையில்லை. ஆசிரியர் பார்க்கும் முன் தாமதக் கணக்கை நீங்களே எடுத்துச் சொல்வதில் இழப்பு ஒன்றும் இல்லை. அவர் எப்படியும் பார்ப்பார். கூடுதலையும் குறைவையும் சேர்த்துக் காட்டும் மாணவரின் திருத்தக் கடிதம் மேசையில் தங்காமல் நகரும்.

அந்த ஓ.டி. கடிதம் மட்டும் இல்லாமல் போயிருந்தால்? 66 நாள், 73.33 சதவீதம். அப்போது பிப்ரவரியில் மூன்று நாள் காய்ச்சலில் படுத்திருந்ததற்கான மருத்துவச் சான்றிதழ்தான் கை கொடுத்திருக்கும். காவடிக்குப் போன நாட்களுக்கு அந்தச் சான்றிதழைக் காட்ட முடியாது. தேதி பொருந்தாது, தேதியைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

ஜனவரி கடைசியிலேயே தெரிந்துகொள்ளலாம்

அந்த மாணவி ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. ஜனவரி முடிவில் 32 வேலை நாளில் 20 நாள் வந்திருந்தாள். சதவீதம் 62.5. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் நடுவில் வரும் சதவீதத்தை வைத்து எதுவும் முடிவாகாது. கேட்க வேண்டியது வேறு கேள்வி: தேவை 67.5, கையில் 20, இன்னும் வர வேண்டியது 47.5. மிச்சமுள்ள வேலை நாள் 90-லிருந்து 32 போக 58. ஆகவே இனி அதிகபட்சம் 10.5 நாள்தான் வராமல் இருக்கலாம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அவள் வராதது 11.5 நாள். ஒரு நாள் அதிகம். அந்த ஒரு நாளைத்தான் பிறகு ஓ.டி. கடிதம் காப்பாற்றியது.

இந்தக் கழித்தலை மாதத்துக்கு ஒரு முறை போட்டுப் பாருங்கள். வர வேண்டிய நாள் மிச்சமுள்ள வேலை நாளைவிட அதிகமாகிவிட்டால் இனி 75-ஐ எட்டவே முடியாது என்று அர்த்தம். அந்த நிலைக்கு வந்தவர் 67.5-ஐ விட்டுவிட்டு 58.5-ஐ வைத்து அதே கழித்தலைப் போட வேண்டும். பலர் 75 போய்விட்டது என்று தெரிந்ததும் மனம் விட்டு வகுப்புக்கே போகாமல் இருந்துவிடுகிறார்கள். காண்டனேஷனில் முடிந்திருக்க வேண்டியது அப்படித்தான் 65-க்குக் கீழே போகிறது.

காவடிக்கு வர வேண்டும் என்றால் வாருங்கள். ஆனால் பயணச்சீட்டு எடுக்கும் முன் கல்லூரிக் காலண்டரில் பொங்கல் விடுமுறையும் குடியரசு தினமும் எங்கே விழுகின்றன என்று பார்த்து, உண்மையில் எத்தனை வேலை நாள் போகும் என்று எண்ணுங்கள். புயலுக்கு இரண்டு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். 22.5-ல் பாதிக்கு மேல் அந்த ஒரு பயணத்தில் போகிறது என்றால், அந்தச் செமஸ்டரில் இன்னொரு பயணம் கிடையாது.

புள்ளிக்குப் பின் வரும் எண்

74.44 வந்தால் அதை 75 ஆக்குவார்களா என்று ஒவ்வொரு ஆண்டும் கேட்பார்கள். விதியில் எழுதியிருந்தால்தான் ஆக்குவார்கள். நான் மேலே சொன்ன அண்ணா பல்கலைக்கழக ஒழுங்குமுறைகளில் அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. அந்த முறையில் 74.5 வந்தால் 75, 74.44 வந்தால் 74. உங்கள் கையேட்டில் அப்படி ஒரு வரி இல்லையென்றால் 74.99-உம் 75-க்குக் கீழேதான். மென்பொருள் திரையில் 75 என்று தெரிந்தால் உள்ளே புள்ளிக்குப் பின் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். திரை தானாகவே முழு எண்ணாக்கிக் காட்டியிருக்கலாம்.

திருத்தக் கடிதமும் காண்டனேஷன் விண்ணப்பமும்

தவறு கண்டுபிடித்தால் ‘என் வருகையைச் சரிபாருங்கள்’ என்று பொதுவாக எழுதாதீர்கள். மாதம், பதிவேட்டில் உள்ள எண், இருக்க வேண்டிய எண், அதற்கான ஆதாரம். நான்கு வரியில் முடிய வேண்டும். வகுப்புப் பொறுப்பாசிரியர் கையெழுத்து, பிறகு துறைத் தலைவர், பிறகு அலுவலகம். பதிவேட்டில் திருத்திய இடத்தில் ஆசிரியரின் சுருக்கொப்பம் இருக்க வேண்டும். கணினியிலும் மாறியிருக்கிறதா என்று இரண்டு நாள் கழித்துத் திரும்பப் போய்ப் பாருங்கள். காகிதத்தில் திருத்தி, கணினியில் மாற்றாமல் விட்டால் ஹால் டிக்கெட் பழைய எண்ணை வைத்துத்தான் வரும் அல்லது வராமல் போகும்.

எல்லாம் பார்த்த பிறகும் 65-க்கும் 75-க்கும் நடுவில்தான் என்றால் காண்டனேஷன் படிவத்தை அலுவலகத்தில் வாங்குங்கள். சான்றிதழ்களை இணைத்து, துறைத் தலைவர் பரிந்துரை பெற்று, கட்டணத்தை அறிவிப்பில் சொன்ன தேதிக்குள் கட்டி, ரசீதைப் படிவத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். பணத்தைக் கட்டியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். ரசீது இருந்து படிவத்தில் முதல்வர் கையெழுத்து இல்லையென்றால் அனுமதி இல்லை. தேர்வுக் கட்டணம் தனி, காண்டனேஷன் கட்டணம் தனி. இரண்டுக்கும் கடைசித் தேதிகள் வேறு வேறாக இருக்கலாம்.

இங்கேயிருந்து பெற்றோர் அலுவலகத்துக்குப் பேச வேண்டுமென்றால் நேர வித்தியாசத்தை நினைவில் வையுங்கள். அங்கே காலை 10 மணி என்பது இங்கே 8.30. இங்கே மதியச் சாப்பாடு முடித்து மூன்று மணிக்குக் கூப்பிட்டால் அங்கே 4.30, காசாளர் மேசையை மூடியிருப்பார். காலையில் எழுந்ததும் கூப்பிடுங்கள். பிள்ளையின் பதிவு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். பெயரை மட்டும் சொன்னால், நம் பெயர்களின் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலை வைத்து அங்கே தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

ஹால் டிக்கெட் கையில் வந்ததும் பதிவு எண், பெயர், புகைப்படம் மூன்றையும் பாருங்கள். பிறகு அதில் அச்சான தாள்களின் எண்ணிக்கையை உங்கள் பாடப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். மணிக்கணக்குக் கல்லூரிகளில் பாடவாரியாக வருகை பார்ப்பதால், மொத்தத்தில் தேறிய மாணவருக்கும் ஒரு தாள் மட்டும் விடுபட்டிருக்கும். செய்முறைத் தேர்வுகள் எழுத்துத் தேர்வுக்கு முன்பே தொடங்கிவிடும். ஆகவே விடுபட்டது செய்முறைத் தாள் என்றால், மறுநாளுக்குத் தள்ளிப்போடாமல் அன்றே துறைத் தலைவரைப் பாருங்கள்.